குழந்தை வளர்ச்சி வரைபடம்

குழந்தை வளர்ச்சி வரைபடம் என்பது ஒரு குழந்தையின் எடையையும் உயரத்தையும் அகவைக்கு எதிராகப் புள்ளிகளாகக் குறித்து, அப்புள்ளிகளைக் கோட்டால் இணைத்து வளர்ச்சியைக் கண்காணிக்க உதவும் வரைபடம் ஆகும். இந்தியாவில் இது தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலும் அங்கன்வாடி மையங்களின் பதிவேட்டிலும் அச்சிடப்பட்டுள்ளது. ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனி வரைபடங்கள் உண்டு. ஒரு புள்ளி எந்த நிறப் பட்டையில் விழுகிறது என்பதைவிட, அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் கோடு எத்திசையில் செல்கிறது என்பதே குழந்தையின் நிலையை முன்கூட்டி உணர்த்துகிறது.

## வரலாறு

மாதந்தோறும் எடையைக் குறிக்கும் அட்டையைக் குழந்தையின் வீட்டிலேயே வைத்திருக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் பிரித்தானிய மருத்துவர் டேவிட் மோர்லி. இவர் நைசீரியாவின் சிற்றூர் ஒன்றில் பணியாற்றியபோது இம்முறையை உருவாக்கினார்.

தமிழகத்தில் உலக வங்கியின் உதவியுடன் 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டது. அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் இதன் முன்னோட்டம் நடைபெற்றது. திண்டுக்கல் பகுதியும் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இத்திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளின் எடை மாதந்தோறும் எடுக்கப்பட்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு வழங்காமல், எடை போதிய அளவு கூடாத குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட காலம் மட்டும் துணை உணவு வழங்கப்பட்டது. அதாவது, கோட்டின் திசையே உணவு வழங்கும் முடிவுக்கு அடிப்படையாக அமைந்தது.

உலக சுகாதார அமைப்பு 2006-ல் புதிய வளர்ச்சித் தரங்களை வெளியிட்டது. இதற்காக இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகள் அளக்கப்பட்டனர். இத்தரங்கள் 2008-ல் அங்கன்வாடித் திட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

## வரைபடத்தின் அமைப்பு

கிடை அச்சில் நிறைவடைந்த மாதங்களும் நிலை அச்சில் எடையும் தரப்பட்டுள்ளன. நடுவிலுள்ள வளைகோடு இடைநிலையைக் குறிக்கும்; நலமாக வளரும் குழந்தைகளில் பாதிப்பேர் இதற்கு மேலும் பாதிப்பேர் கீழும் இருப்பர். அதற்குக் கீழே இரண்டு திட்ட விலக்கத் தொலைவில் பச்சைப் பட்டையின் கீழ் எல்லை உள்ளது. நலமான குழந்தைகள் 100 பேரில் ஏறத்தாழ இருவரே இதற்குக் கீழ் வருவர். இதன் கீழுள்ள மஞ்சள் பட்டை மிதமான எடைக்குறைவையும், மூன்று திட்ட விலக்கத்திற்குக் கீழுள்ள ஆரஞ்சுப் பட்டை கடுமையான எடைக்குறைவையும் காட்டுகின்றன.

## அளந்து குறிக்கும் முறை

1. அகவை: நிறைவடைந்த மாதங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். 2023 சூன் 18-ல் பிறந்த குழந்தைக்கு 2024 மார்ச்சு 12-ல் அகவை 8 மாதங்களே. மார்ச்சு 18-ல்தான் 9 மாதங்கள் நிறைவடைகின்றன.
2. எடை: தொங்கு தராசாயின் காலித் தூளியை மாட்டிய பிறகு முள்ளைச் சுழியத்திற்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் ஆடையையும் கொலுசு போன்ற அணிகளையும் கழற்றிவிட்டு, முள் அசைவற்று நின்றபின் படிக்க வேண்டும்.
3. உயரம்: இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து நீளம் அளக்கப்படும். ஒருவர் தலையையும் மற்றவர் முழங்கால்களையும் பாதத்தையும் பிடிப்பதால் இதற்கு இருவர் தேவை. இரண்டு அகவைக்குப் பின் நிற்கவைத்து அளக்கப்படும்.
4. புள்ளி: மாதத்திற்குரிய நிலைக்கோடும் எடைக்குரிய கிடைக்கோடும் வெட்டும் இடத்தில் புள்ளி வைக்கப்படும். ஒரு கிலோவிற்குள் எத்தனை சிறு கோடுகள் உள்ளன என்பதை முதலில் எண்ணிக்கொள்வது நன்று. பின்னர் முந்தைய மாதப் புள்ளியுடன் இது இணைக்கப்படும்.

## எடுத்துக்காட்டு

திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யலூர் பேரூராட்சியில் மேற்கண்ட நாளில் பிறந்த பெண் குழந்தை ஒன்று வாழ்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 20-ஆம் நாள் அங்கன்வாடியில் அதன் எடை எடுக்கப்படுகிறது.

| அகவை (மாதம்) | குழந்தையின் எடை (கிலோ) | இடைநிலை (கிலோ) | பச்சையின் கீழ் எல்லை (கிலோ) |
|---|---|---|---|
| 6 | 6.9 | 7.3 | 5.7 |
| 7 | 7.0 | 7.6 | 6.0 |
| 8 | 7.0 | 7.9 | 6.3 |
| 9 | 6.9 | 8.2 | 6.5 |

நான்கு புள்ளிகளும் பச்சைப் பட்டையிலேயே உள்ளன. ஒன்பதாம் மாதப் புள்ளியை மட்டும் காண்பவர் குழந்தை நலமாக உள்ளது என்றே எழுதுவார். ஆனால் ஆறாம் மாதத்தில் இருந்த அதே பாதையில் வளர்ந்திருந்தால் இக்குழந்தையின் எடை இப்போது ஏறத்தாழ 7.7 கிலோவாக இருந்திருக்கும். மூன்று மாதங்களில் கூடியிருக்க வேண்டிய 800 கிராம் கூடவில்லை. எடை 6.9 கிலோவிலேயே நின்றால் 11-ஆம் மாதத்தில் புள்ளி பச்சையின் எல்லையைத் தொடும். 12-ஆம் மாதத்தில் அவ்வெல்லை 7.0 கிலோ ஆவதால் மஞ்சளுக்குள் இறங்கிவிடும். நிறத்தை மட்டும் பார்த்தால் அப்போதுதான் குறைபாடு தெரியவரும். கோட்டைப் பார்த்தாலோ எட்டாம் மாதத்திலேயே, நான்கு மாதங்கள் முன்னதாக அது தெரிந்துவிடுகிறது.

இதே காலத்தில் குழந்தையின் நீளம் 65 செ.மீ.இலிருந்து 68.5 செ.மீ. ஆகியிருப்பின், உயர வளர்ச்சி இன்னும் பெரிதும் தடைபடவில்லை என அறியலாம். உணவுக் குறைவாலோ நோயாலோ முதலில் எடையே நிற்கும். அந்நிலை நீடித்தால் பின்னர் உயரமும் பின்தங்கும்.

எடை தேக்கம் ஆறாம் மாதத்தை ஒட்டித் தொடங்கியிருப்பதும் ஒரு தடயமாகும். இணை உணவு தொடங்க வேண்டிய அகவை இதுவே. ஆகவே என்ன உணவு, எவ்வளவு, நாளுக்கு எத்தனை முறை கொடுக்கப்படுகிறது என்பதையும், வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சல் வந்ததா என்பதையும் தாயிடம் முதலில் கேட்டறிய வேண்டும். நீர்த்த கஞ்சியால் வயிறு நிறைந்தாலும் போதிய ஆற்றல் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, குறைந்த எடையுடன் பிறந்து மஞ்சள் பட்டையில் உள்ள ஒரு குழந்தையின் கோடு வளைகோட்டிற்கு இணையாகவோ அதைவிடச் செங்குத்தாகவோ ஏறினால், அக்குழந்தை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கண்காணிப்பு தொடர வேண்டும்; எனினும் எடை தேங்கிய பச்சைப் பட்டைக் குழந்தையின் நிலையும் இதன் நிலையும் வேறு.

## பிழைகளும் அவற்றை அறிதலும்

* நீளம் முந்தைய மாதத்தைவிடக் குறைந்திருந்தால் இரு அளவுகளில் ஒன்று தவறானது. குழந்தையின் நீளம் குறைவதில்லை. பெரும்பாலும் முழங்கால் மடங்கியிருப்பதே காரணம்.
* ஒரே மாதத்தில் புள்ளி திடீரெனத் தாவினால், முதலில் தராசின் சுழியத்தையும் பிறந்த நாளையும் சரிபார்த்து மீண்டும் எடை எடுக்க வேண்டும்.
* படுத்த நிலையில் அளந்த நீளம் நின்ற உயரத்தைவிட ஏறத்தாழ 0.7 செ.மீ. மிகுதி. இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தையை நிற்கவைத்து அளக்க நேர்ந்தால் இதைக் கூட்டவும், இரண்டு அகவை நிறைந்த குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் கழிக்கவும் வேண்டும்.
* ஒரு மாதம் எடை எடுக்கப்படாவிடில் அந்த இடம் வெற்றாகவே விடப்பட வேண்டும். ஊகித்து வைக்கும் புள்ளி, தேக்கத்தை மறைத்துவிடும்.

## வரம்புகள்

எடை மட்டும் கொண்ட வரைபடம், குள்ளமான குழந்தையையும் மெலிந்த குழந்தையையும் பிரித்துக் காட்டாது. அதற்கு அகவைக்கேற்ற உயரம், உயரத்திற்கேற்ற எடை ஆகிய வரைபடங்கள் தேவை. இரு பாதங்களிலும் வீக்கம் இருந்தால் உடலில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டும். அக்குழந்தையின் புள்ளி பச்சையில் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முன்கூட்டிப் பிறந்த வாரங்களை அகவையிலிருந்து கழித்துக் குறிக்க வேண்டும்.

2021 முதல் அங்கன்வாடிகளில் பயன்படுத்தப்படும் போசண் டிராக்கர் என்னும் கைப்பேசிச் செயலி, பதியப்படும் அளவுகளைக் கொண்டு குழந்தையின் நிலையைத் தானே கணிக்கிறது. இதனால் புள்ளியைத் தவறான இடத்தில் வைக்கும் பிழை நீங்குகிறது. தராசையும் அளவுப் பலகையையும் தவறாகப் படிக்கும் பிழை இதனால் நீங்குவதில்லை.