மடிப்பிலிருந்து முக்கோணம்: சுந்தர ராவின் வரிசையும் ஒரு பாடத்திட்டமும்

சென்னையில் 1893-இல் சுந்தர ராவ் ஆங்கிலத்தில் வெளியிட்ட காகித மடிப்பு வடிவியல் நூலை, முன்பே நிறுவப்பட்ட தேற்றங்களைக் கையால் சரிபார்க்கும் பயிற்சித் தொகுப்பாகக் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. அவ்வழியில் அமையும் பாடத்தில் மாணவர் இருசமபக்க முக்கோணத்தை முதலில் வெட்டியெடுத்து, பிறகு மடித்து, அடிக்கோணங்கள் பொருந்துவதைக் காண்கின்றனர். நூலின் சமபக்க முக்கோண இயல் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது.

அங்கே சதுரத்தாளின் எதிரெதிர் விளிம்புகள் பொருந்துமாறு மடித்து நடுக்கோடு பெறப்படுகிறது. அதன் மேல் ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்து, அதையும் இருபுற மூலைகளையும் இணைத்து மடித்தால், சதுரத்தின் பக்கத்தை அடியாகக் கொண்ட இருசமபக்க முக்கோணம் கிடைக்கிறது. முக்கோணம் இங்கே சோதிக்கப்படும் பொருள் அன்று, மடிப்பின் விளைவு. A என்னும் மூலை B-யின் மேல் விழும்போது மடிப்புக்கோட்டிலுள்ள P இடம்பெயர்வதில்லை. ஆகவே PA, PB-யின் மேல் விழுந்தே தீரும். கோடு AB-யைச் சந்திக்கும் இடத்தில் இருபுறக் கோணங்களும் பொருந்துகின்றன. அவற்றின் கூடுதல் 180° ஆதலால் ஒவ்வொன்றும் 90°. எனவே அக்கோடு AB-யின் மையக் குத்துக்கோடு, அதாவது அதை இருசமமாகவும் செங்குத்தாகவும் வெட்டும் கோடு. இதைச் சரிபார்ப்பு என்பதைவிட நிறுவல் என்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. தாளின் தடிமனால் பிழை நேரும் என்னும் மறுப்பு, பென்சில் கோட்டுக்கும் தடிமன் உண்டு என்பதால் நிற்பதில்லை.

எனினும் சதுரத்தாளை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுசெல்வதில் ஓர் இடர் உண்டு: மாணவர் விளிம்பை விளிம்போடு சேர்ப்பதால், புள்ளி புள்ளியின் மேல் விழுவதே மடிப்பைத் தீர்மானிக்கிறது என்பது மறைந்துவிடுகிறது. ஆதலின் இப்பாடத்தை நடத்துவோர், மெல்லிய தாளில் விளிம்புகளுக்குச் சாய்வாக AB-யை வரையச் செய்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து A-யை B-யின் மேல் பொருத்தி மடிக்கச் சொல்லலாம். மடித்த நிலையில் A-யின் வழியே ஊசியால் குத்திப் பிரித்தால், துளை B-யிலிருந்து விலகியிருப்பது தவறான மடிப்பைக் காட்டிவிடும்.

மேற்கண்ட வரிசை ஒருதிசைக் கூற்றையே தருகிறது. PA = PB எனில் P அந்தக் கோட்டின் மேல்தான் இருக்குமா என்னும் மறுதலைக்கு இன்னொரு மடிப்பு வேண்டும். P-யின் வழியே, PA என்னும் கதிர் PB-யின் மேல் விழுமாறு மடிக்க வேண்டும். இது உச்சிக்கோணத்தின் இருசமவெட்டி. நீளங்கள் சமமாதலால் A, B-யின் மேலேயே விழுகிறது. A-யை B-யின் மேல் கொணரும் மடிப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதால், இதுவும் முன்னைய மையக் குத்துக்கோடும் ஒரே கோடாகின்றன. இந்த ஒருமையை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தாளைப் பார்த்து மட்டும் மாணவர் அதை அறிய இயலாது.