தூக்க மாத்திரைக்கு ஒரு பேரேடு

மருந்துக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1984-ல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மருந்துச் சட்ட விதிகளில் 'ஷெட்யூல் எக்ஸ்' என்ற புதுப் பட்டியல் வந்திருந்தது. அதிலுள்ள மருந்துகளைப் பூட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி வரவு, விற்பனை, வாங்கியவர் பெயர், பேட்ச் எண் எல்லாம் எழுத வேண்டும்.

டயசிபாம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் எங்கள் கடைப் பெரியவர் அதையும் அதேபோல் எழுதச் சொன்னார். 2 மில்லிகிராமுக்கு ஒரு பக்கம், 5 மில்லிகிராமுக்கு ஒரு பக்கம். சனிக்கிழமை இரவு பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். "ஒரே மருந்துதானே, எதற்கு இரண்டு பக்கம்?" என்று நான் முணுமுணுத்ததுண்டு.

ஒரு சனிக்கிழமை அதற்கு விடை கிடைத்தது. 2 மில்லிகிராமில் ஆரம்ப இருப்பு 60, வரவு 100, விற்பனை 70. மீதம் 90 இருக்க வேண்டும்; பெட்டியில் 100 இருந்தது. 5 மில்லிகிராமில் ஆரம்பம் 80, வரவு 100, விற்பனை 90. அங்கும் 90 இருக்க வேண்டும்; எண்ணினால் 80. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் 180-க்கு 180 என்று கணக்கு நேராகி, நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, திருட்டு என்றால் ஒரு பக்கம் மட்டும் குறையும். இங்கே ஒன்றில் குறைந்த பத்து மற்றொன்றில் கூடியிருக்கிறது. பட்டை மாறிப் போயிருக்கிறது" என்றார். அந்த வாரத்து 2 மில்லிகிராம் பில்கள் ஏழையும் எடுத்தோம். மருந்தின் பெயரைச் சீட்டைப் பார்த்து எழுதுவோம். பேட்ச் எண்ணைக் கையிலிருக்கும் பட்டையைப் பார்த்து எழுதுவோம். ஒரு பில்லில் மட்டும் பேட்ச் எண் 5 மில்லிகிராம் பெட்டியுடையது. கையெழுத்து என்னுடையது.

பதிவேட்டில் இருந்த விலாசத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். வயதான அம்மா. முதல் நாள் ஒரு மாத்திரை போட்டிருந்தார். மறுநாள் மதியம் வரை தள்ளாட்டமாக இருந்ததாம். மீதி ஒன்பதையும் வாங்கிக்கொண்டு சரியான பட்டையைக் கொடுத்து, அவருடைய டாக்டரிடமும் போய்ச் சொன்னேன்.

திரும்பி வந்த ஒன்பதைப் பெரியவர் இருப்பில் சேர்க்க விடவில்லை; அழித்துவிட்டார். 5 மில்லிகிராம் பக்கத்தில் 'தவறாக வழங்கியது 10' என்று எழுதி, மீதத்தை 80 ஆக்கிக் கையெழுத்திட்டோம். 2 மில்லிகிராமில் அந்த அம்மாவுக்குக் கொடுத்த பத்து போக 90 சரியாக நின்றது. பழைய எழுத்தை அழிக்கவோ திருத்தவோ இல்லை.

2014 மார்ச்சில் 'ஷெட்யூல் எச்1' நடைமுறைக்கு வந்தபோது டயசிபாமும் அதில் சேர்ந்தது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் அது விற்பனைப் பதிவு மட்டுமே. மீதம் எழுதும் பத்தியை நான் கையால் கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டேன்.