ஊழியர் வைப்புத்தொகை இணைந்த காப்பீட்டுத் திட்டம் (இ.டி.எல்.ஐ.)

பணியில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேர்ந்த பணத்துக்கு மேல், அவர் குடும்பத்துக்கு ஒரே தவணையில் காப்பீட்டுத் தொகை வழங்கும் இந்தியத் திட்டம். 1952-ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டத்தின்கீழ் 1976 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மரணம் ஆலையில் நேர்ந்ததா, வீட்டில் நேர்ந்ததா என்ற வேறுபாடு இதில் இல்லை.

தொழிலாளி இதற்குச் சந்தா கட்டுவதில்லை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 0.5 சதவீதத்தை முதலாளியே செலுத்துகிறார். சம்பளத்தில் பிடித்தம் இல்லாததால், இப்படியொரு காப்பீடு இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

தொடக்கத்தில் பி.எஃப். கணக்கின் சராசரி இருப்பை வைத்தே காப்பீட்டுத் தொகை கணக்கிடப்பட்டது. திட்டத்தின் பெயரும் அதைத்தான் சொல்கிறது. சேமிப்பை ஊக்குவிப்பது நோக்கமாக இருந்தாலும் விளைவு கொடுமையானது. மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் எடுத்தவரின் குடும்பத்துக்கும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞரின் குடும்பத்துக்கும் மிகக் குறைவாகவே கிடைத்தது. 2000-களில் உச்சவரம்பே 60,000 ரூபாய்தான்.

2011-இல் கணக்கின் அடிப்படை மாறியது. மாதச் சம்பளத்தின் 20 மடங்கு என்ற அளவுகோல் வந்தது. 2016-இல் அது 30 மடங்கானது; உச்சவரம்பு 6 லட்சமாக உயர்ந்தது. 2021 முதல் 35 மடங்கு, 7 லட்சம். சம்பளம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் கொள்ளப்படும். இறப்பதற்கு முன் 12 மாதங்கள் தொடர்ந்து பணியில் இருந்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 2.5 லட்சம் உண்டு.

பின்னலாடை ஆலைத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளம் 12,000, பி.எஃப். சராசரி இருப்பு 80,000 என்று கொள்வோம். சம்பளத்தின் 35 மடங்கு 4,20,000. அதனுடன் இருப்பில் பாதியும் சேரும்; அது 40,000 (இந்தப் பகுதி 1.75 லட்சத்தைத் தாண்டாது). குடும்பத்துக்குச் சேர வேண்டியது 4,60,000 ரூபாய். இதற்காக முதலாளி கட்டியது மாதம் 60 ரூபாய்.

அதே ஆலை அடிப்படைச் சம்பளத்தை 8,000 என்று குறைத்து, மீதியைப் பலவகைப் படிகளாகப் பிரித்து எழுதினால், 35 மடங்கு 2,80,000 ஆகச் சுருங்கும். பி.எஃப். பிடித்தம் குறைந்து கைக்குச் சற்றே கூடுதலாக வருவதால் தொழிலாளி மகிழக்கூடும். 1,40,000 ரூபாய் இழப்பு, அவர் போன பிறகே குடும்பத்துக்குத் தெரியவரும். திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

வேலையை விட்டபின் இறந்தவருக்கு இக்காப்பீடு பொதுவாகப் பொருந்தாது. பணிக்காலத்தில் இறந்தவரின் நியமனதாரர் 5 ஐ.எஃப். படிவத்தை, இறப்புச் சான்றிதழுடனும் வங்கிக் கணக்கு விவரத்துடனும், முதலாளியின் ஒப்பம் பெற்று வைப்பு நிதி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பி.எஃப். கணக்குக்கு நியமிக்கப்பட்டவரே இதற்கும் உரியவர். திருமணத்துக்குப் பின் நியமனத்தைப் புதுப்பிக்காதவர்களின் மனைவியர் அலைய நேர்வது வழக்கம். அதை இன்றே சரிபார்த்துவிடுவது நல்லது.