ராஜராஜனா, லீலாவதியா? எழுத்து அருகிய காசுப் படங்களும் வாசகம் சொல்லும் முறையும்

காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊர் பட்டினச்சேரி. அதற்கு வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர் இருந்தனர். தெற்கே நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் ஆண்டனர். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. இவர்கள் எல்லோருக்கும் முன்னே சோழர். ஆகவே இக்கரையில் அலை ஒதுக்கிய மணலிலிருந்து ஒரு செப்புக்காசை எடுக்கிறவர் கையில் இருப்பது இவர்களில் எவருடையதாகவும் இருக்கலாம். அவர் அதைச் செல்பேசியில் படமெடுத்து நாணயம் படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்புகிறார். கூடவே ஒரு கேள்வி: “இதில் என்ன எழுதியிருக்கிறது?”

எழுத்து இருக்கிறது என்ற நம்பிக்கை இந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. படத்தில் இருப்பதோ பெரும்பாலும் ஓர் உருவமும், ஓரத்தில் இரண்டொரு கீறலும்தான். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், உருவத்தைப் பார்த்து வாசகம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தையே இக்கட்டுரை மறுக்கிறது.

சோழநாட்டிலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைக்கும் ராஜராஜன் செப்புக்காசையே சான்றாகக் கொள்வோம். குறுக்களவு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை சுமார் நான்கு கிராம். ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம். அமர்ந்த உருவத்தின் கையருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயர். முழு வாசகமும் அவ்வளவுதான். நன்றாக இருக்கும் காசில் இதைப் படிக்க அரை நிமிடம் போதும்.

சிக்கல் இலங்கையில் தொடங்குகிறது. சோழர் அங்கே புழக்கத்துக்கு விட்ட இந்த வடிவத்தைப் பின்னர் வந்த சிங்கள மன்னர்கள் கைவிடவில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அதே நிற்கும் உருவத்தையும் அமர்ந்த உருவத்தையும் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார். நிசங்கமல்லன், சகஸ்ஸமல்லன், அரசி லீலாவதி ஆகியோரும் அப்படியே செய்தனர். உருவத்தின் வளைவிலும் அமைப்பிலும் நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு. ஆனால் உப்புநீரில் கிடந்த காசில் அவை முதலில் அழிந்துபோகும். எஞ்சுவது எல்லாருக்கும் பொதுவான உருவம். இந்த வகைக் காசில் ஆள் யார் என்பதை எழுத்து மட்டுமே சொல்லும்.

லீலாவதியின் காசில் உள்ள வாசகம் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’. பெண் என்றாலும் ‘ராஜ’ என்றே பொறித்திருக்கிறாள். இப்போது தேய்ந்த காசின் படமொன்றை எண்ணிப் பாருங்கள். அமர்ந்த உருவத்தின் அருகே ஸ்ரீ, ரா, ஜ என்ற மூன்று எழுத்து மட்டும் தெளிவு, மீதி பச்சைக் களிம்பில் புதைந்து கிடக்கிறது. சோழநாட்டுக் கரையில் கிடைத்தது என்பதால் நம் கண் உடனே ‘ராஜராஜ’ என்று நிரப்பிவிடும். ஆனால் அந்த மூன்று எழுத்தும் இரண்டு பேருக்கும் பொது. ராஜராஜன் ஆட்சி 1014இல் முடிந்தது. லீலாவதி அரியணை ஏறியது 1197இல். ஊகத்தில் இரண்டு எழுத்தைச் சேர்த்ததற்கு விலை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். கடல் வணிகம் நடந்த கரையில் இலங்கைக் காசு கிடைப்பது அதிசயமும் அன்று.

கிரேக்க, லத்தீன் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் பதிப்பிப்போர் 1931இல் லெய்டனில் ஒப்புக்கொண்ட குறியீட்டு முறை இதற்கு உதவும். அதன்படி, அழிந்ததைப் பதிப்பாசிரியர் தம் ஊகத்தால் நிரப்பினால் சதுர அடைப்புக்குள் இட வேண்டும். அழிந்த எழுத்துகளின் எண்ணிக்கை தெரிந்தால் அத்தனை புள்ளி, தெரியாவிட்டால் கோடு. நம் காசுக்கு ‘ஸ்ரீ ராஜ [- - -]’ என்று எழுதினால் போதும். ‘ஸ்ரீ ராஜ[ராஜ]’ என்று எழுதுவதும் குற்றமில்லை. அடைப்புக்குள் இருப்பது காசின் கூற்று அல்ல, என் கூற்று என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். அடைப்பே இல்லாமல் எழுதும்போதுதான் அது பொய்யாகிறது.

அடைப்புக்குறி அறியாதவருக்கும் தமிழே வழி தருகிறது. ‘எழுத்து இல்லை’, ‘எழுத்து தெரியவில்லை’, ‘எழுத்தைப் படிக்க முடியவில்லை’ ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் புழங்குகிறோம். ‘இல்லை’ என்பது பொருளைப் பற்றிய தீர்ப்பு. காசை இருபுறமும் கையில் வைத்துப் பார்த்தவரே அதைச் சொல்லலாம். ‘தெரியவில்லை’ என்பது படத்தைப் பற்றியது. நண்பகல் வெயிலில் நேர்மேலிருந்து எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்து, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்தால் அதுவரை காணாத கோடுகள் எழும். ஒரு திசை மட்டும் போதாது. வெளிச்சம் வரும் பக்கத்தைக் கண் தவறாக எடுத்துக்கொண்டால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். ‘படிக்க முடியவில்லை’ என்பதோ படிப்பவரைப் பற்றியது. எழுத்து இருக்கிறது, எனக்கு அந்த எழுத்துமுறை தெரியாது என்று பொருள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘இல்லை’ என்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காசு கிடைத்ததும் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. செம்பு பளபளக்கும், எழுத்து களிம்போடு போய்விடும். ‘தெரியவில்லை’யை ‘இல்லை’ ஆக்கும் வேலை அது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஏழாம் கிறிஸ்டியன் காலத் (1766–1808) தரங்கம்பாடிக் காசில் கிரீடத்தின் கீழ் ஒரு பின்னல் இருக்கும். பூவேலை என்று கடந்துபோவோம். அது சி என்ற ரோமன் எழுத்தும் 7 என்ற எண்ணும் பின்னிய மன்னன் முத்திரை. ‘படம் மட்டுமே’ என்று இங்கே எழுதிவிட்டால், இருந்த எழுத்தையும் ஆளையும் இழந்துவிடுகிறோம்.

இரண்டே எழுத்துள்ள காசு யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையது. காளையின் உருவம், அதனோடு தமிழில் ‘சேது’. எழுத்துத் தெளிவு, படிப்பதில் ஐயமே இல்லை. அப்படியிருந்தும் இவற்றை முன்பு இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை என்று கருதினர். ‘சேது’ என்பதைச் சரியாகப் படித்துவிட்டு, இல்லாத ‘பதி’யைக் காசுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த கதை இது. வாசகம் ‘சேது’ என்பதோடு முடிகிறது. யாருடைய சேது என்பது கிடைத்த இடமும் வரலாறும் வைத்து வாதிட வேண்டிய வேறு கேள்வி.

உருவத்தைச் சொல்லும்போதும் இதே கட்டுப்பாடு வேண்டும். ராஜராஜன் காசில் அமர்ந்திருப்பது மன்னன் என்பாரும் தேவி என்பாரும் உண்டு. பதிவில் ‘அமர்ந்த உருவம்’ என்றிருந்தால் இரு தரப்புக்கும் அது பயன்படும். ‘அமர்ந்த தேவி’ என்று எழுதினால் அடுத்தவர் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்.

அப்படியானால் பட்டினச்சேரிப் படத்துக்குப் பதில் இப்படி அமையலாம்: “ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம். நாகரியில் ஸ்ரீ ராஜ [- - -]. மீதி இப்படத்தில் தெரியவில்லை. இவ்வகைக் காசைச் சோழரும் பின்னர் இலங்கை மன்னரும் வெளியிட்டனர். யாருடையது என்று இதைக்கொண்டு சொல்ல இயலாது. தேய்க்காமல், அளவுகோல் வைத்து, பக்க வெளிச்சத்தில் இருபுறமும் எடுத்த படங்களும் எடையும் வேண்டும்.” பதிவேட்டில் மொழிபெயர்ப்பு என்ற கட்டம் இருந்தால், அதில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.