அறுவை சிகிச்சைக்குப் பின்: புரதம் நிறைந்த மென்மையான உணவு

வீடு திரும்பும்போது செவிலியர் கூறும் “புரதம் நிறைந்த மென்மையான உணவு” என்பதைப் பலர் வெறும் அரிசிக் கஞ்சி எனக் கொள்கின்றனர். கஞ்சி மென்மையானதே; ஆயினும் புண் ஆறுவதற்கான புரதம் அதில் மிகக் குறைவு.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் புரதம் தேவைப்படலாம். எனவே அக்கஞ்சியிலேயே ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேருங்கள். சுமார் 7 கிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் உள்ளது. முட்டை உண்டால் புண் சீழ்பிடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. சீழுக்குக் காரணம் கிருமித்தொற்றே. பால், தயிர், முள் நீக்கிய வேகவைத்த மீன் ஆகியவையும் ஏற்றவை. ஒரே வேளையில் உண்ண இயலாவிடில், ஐந்தாறு வேளைகளாகப் பிரித்து உண்ணுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களும் குடல் அறுவை சிகிச்சை பெற்றவர்களும் உணவின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தொடர் வாந்தி, வயிற்று உப்புசம், புண்ணில் சீழ் அல்லது காய்ச்சல் இருப்பின் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.