சொல்லை விட்டு வேலையைப் பிடித்தல்: ஜெர்மன் விளம்பரத் தழுவலாக்கம் குறித்து

விளம்பர வாசகத்தை வேற்றுமொழிக்குக் கொண்டுபோகிறவர் சொல்லுக்கு உண்மையாக இருப்பதா, விளைவுக்கு உண்மையாக இருப்பதா என்ற கேள்வி பழையது. ஜெர்மன் சந்தையை முன்வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒரே விடை போதாது. வாசகத்தில் தழுவுபவருக்குக் கிடைக்கும் சுதந்திரம், பொருளின் விவரணைக்கு வரும்போது கடமையாக மாறிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வாசகம். மார்ஸ் சாக்லெட்டின் ஆங்கில வாசகம், நாளுக்கொரு மார்ஸ் சாப்பிட்டால் உழைக்கவும் ஓய்வெடுக்கவும் விளையாடவும் துணைசெய்யும் என்கிறது. நாளுக்கொரு ஆப்பிள் மருத்துவரை அண்டவிடாது என்ற ஆங்கிலப் பழமொழியின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். ‘டே’, ‘ப்ளே’ என்ற ஈற்றுச் சொற்களின் இயைபுதான் அதை நாவில் நிறுத்துகிறது. சொல்லுக்குச் சொல் ஜெர்மனுக்கு மாற்றினால் ஈற்றில் ‘டாக்’ என்றும் ‘ஷ்பீலன்’ என்றும் வரும். இயைபு போய்விடும், பழமொழியின் நிழலும் மங்கிவிடும். மிஞ்சுவது மருந்துச்சீட்டு போன்ற ஒரு வாக்கியம்.

ஜெர்மனியில் வழங்கிய வாசகம் இது: ‘மார்ஸ் மாக்ட் மொபீல் பை ஆர்பைட், ஷ்போர்ட் உண்ட் ஷ்பீல்’. வேலையிலும் விளையாட்டுப் பயிற்சியிலும் விளையாட்டிலும் மார்ஸ் உங்களைத் துடிப்பாக இயங்கவைக்கும் என்பது இதன் கருத்து. ஆங்கிலத்தின் இயைபு இருந்த இடத்தில் மோனை வந்திருக்கிறது: முதல் மூன்று சொற்களும் மகர ஒலியில் தொடங்குகின்றன, இறுதி இரண்டும் ‘ஷ்ப’ என்று தொடங்குகின்றன. அந்த இறுதி இரண்டும் ஜெர்மானியர் இணைத்தே சொல்லிப் பழகிய சொற்கள் என்பதால் புதிய வாசகம் முதல் நாளே பழகியதுபோல் ஒலிக்கிறது. மூன்று செயல்களை அடுக்கும் கட்டமைப்பும் அப்படியே நிற்கிறது.

இதற்கு விலையும் உண்டு. ‘ஓய்வு’ மறைந்து அந்த இடத்தில் விளையாட்டுப் பயிற்சி வந்துவிட்டது. ‘நாளுக்கொன்று’ என்ற தினசரிப் பழக்கத்தின் குறிப்பும் போய்விட்டது. நாள் முழுதும் உடனிருக்கும் தின்பண்டம், ஊக்கம் தரும் தின்பண்டமாக மாறியிருக்கிறது. இது தெரிந்தே எடுக்கவேண்டிய முடிவு. எது போனது, ஏன் போனது என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது தழுவுபவரின் பொறுப்பு.

மாற்றாமலே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். டக்ளஸ் என்ற ஜெர்மன் வாசனைத் திரவியக் கடைத்தொடர் ‘கம் இன் அண்ட் ஃபைண்ட் அவுட்’ என்று ஆங்கிலத்திலேயே விளம்பரம் செய்தது. உள்ளே வந்து தெரிந்துகொள்ளுங்கள் என்பது நோக்கம். கொலோனைச் சேர்ந்த எண்ட்மார்க் நிறுவனம் 2003இல் நடத்திய ஆய்வில், உள்ளே வந்து வெளியேறும் வழியைக் கண்டுபிடியுங்கள் என்று பலர் புரிந்துகொண்டது தெரியவந்தது. ‘ஹெராவுஸ்ஃபின்டன்’ என்ற ஜெர்மன் வினை கண்டறிவதையும் வெளியேற வழி காண்பதையும் குறிக்கும்; வாசகர் தம் மொழியின் வழியாகவே ஆங்கிலத்தை வாசித்திருக்கிறார். பின்னர் அந்நிறுவனம், டக்ளஸ் வாழ்வை அழகாக்குகிறது என்று பொருள்படும் ஜெர்மன் வாசகத்துக்கு மாறியது.

இனி விவரணை. ஓர் எஃகுத் தண்ணீர்ப்புட்டியின் ஆங்கில விவரணையில் மூன்று வாக்கியங்கள் இருப்பதாகக் கொள்வோம்: இதைவிடச் சிறந்த புட்டி இல்லை, நாள் முழுதும் குளிர்ச்சி குறையாது, இரண்டாண்டு உத்தரவாதம். முதலாவது, முதன்மையிடம் கோரும் கூற்று. சரிபார்க்கத்தக்க உண்மையாக வாசகர் அதை எடுத்துக்கொள்ளக்கூடுமானால், ஜெர்மனியின் முறையற்ற போட்டித் தடைச் சட்டத்தின்கீழ் விற்பவர் அதை நிறுவவேண்டியிருக்கும். இரண்டாவதில் ‘நாள் முழுதும்’ என்பதற்குப் பதில், எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில் என்ற சோதனை விவரத்தைத் தரவேண்டும். அந்த எண்ணைத் தழுவுபவர் கற்பனை செய்ய முடியாது. உற்பத்தியாளரிடம் கேட்டே பெறவேண்டும்.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. புதுப்பொருளின் குறைக்கு விற்பவர் இரண்டாண்டு பொறுப்பேற்பது சட்டம் விதித்த கடமை. ஜெர்மனில் அது ‘கெவேர்லைஸ்டுங்’. ‘கராண்டீ’ என்பது அதற்கும் மேலாக, விரும்பி அளிக்கும் உறுதி. சட்டக் கடமையை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய வரியைக் ‘கராண்டீ’ என்று பெயர்த்தால், வாங்குபவருக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைத் தனிச்சலுகையாகக் காட்டியதாகிவிடும். முறையற்ற போட்டித் தடைச் சட்டம் இதைத் தடைசெய்கிறது. ஆகவே அந்த வரியை நீக்கவேண்டும். அல்லது உண்மையான கராண்டீ உண்டா, அதன் நிபந்தனைகள் என்ன என்று கேட்டறிந்து எழுதவேண்டும்.

தழுவலைச் சோதிக்கப் பின்மொழிபெயர்ப்பு வழக்கமான கருவி. அது கருத்து விலகலைக் காட்டும். மோனை விழுந்ததா, நாக்கு தடுக்குகிறதா என்பதைக் காட்டாது. அதற்கு அம்மொழியினர் சிலரிடம் வாய்விட்டு வாசிக்கக் கொடுப்பதே வழி. எனவே, இரண்டு மூன்று மாற்று வடிவங்கள், ஒவ்வொன்றின் நேர்ப்பொருள், தேர்வுக்கான காரணம் ஆகியவற்றைச் சேர்த்தே ஒப்படைக்கவேண்டும். இவ்வளவும் அடங்கிய பணிக்குச் சொல் எண்ணிக்கையில் கூலி கணக்கிடுவது பொருந்தாது. நிறுவனங்கள் நேரத்துக்கோ முழுப் பணிக்கோ ஊதியம் பேசவேண்டும்.