அக்குள் பிடியிலிருந்து ஹாய்ஸ்ட் வரை: பிரிட்டனில் நோயாளியைத் தூக்கும் முறை மாறிய வரலாறு

பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நோயாளியைத் தூக்கியது செவிலியரின் முதுகுதான். படுக்கையில் சரிந்துபோனவரை மேலே ஏற்ற இரண்டு பேர் வருவார்கள். ஆளுக்கொரு பக்கம் குனிந்து, நோயாளியின் அக்குளுக்கடியில் தங்கள் தோளை முட்டுக்கொடுப்பார்கள். அவருடைய தொடைக்கு அடியில் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் தூக்குவார்கள். 'ஆஸ்திரேலியன் லிஃப்ட்' எனப்பட்ட இந்த முறை செவிலியர் பள்ளிகளில் பாடமாகவே நடந்தது. நோயாளியின் எதிரே அல்லது பக்கத்தில் நின்று, அக்குளில் கைகொடுத்து இழுத்து எழுப்புவது 'டிராக் லிஃப்ட்'. அது இன்னும் பரவலாக இருந்தது.

இரண்டிலும் கெடுதல் இரு தரப்புக்கும் உண்டு. தூக்குபவர் முதுகை வளைத்துத் திருப்பியபடி பாரம் ஏற்கிறார். தூக்கப்படுபவரின் முழு எடையும் தோள்மூட்டில் தொங்குகிறது. பக்கவாதம் வந்து ஒரு கை தளர்ந்தவருக்கு அந்த மூட்டு நழுவக்கூடும். அக்குள் வழியே கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கவும் கூடும்.

லான்செட் இதழ் 1965-இலேயே செவிலியரின் சுமை பற்றித் தலையங்கம் எழுதியது. மனித உடல் தூக்குவதற்கு வசதியற்ற பாரம், அதற்குக் கைப்பிடி கிடையாது, விறைப்பாகவும் இராது என்பது அதன் வாதம். ஹாய்ஸ்ட் அப்போதே இருந்தது. ஆனாலும் ஒருவரைக் கையால் தூக்க ஒரு நிமிடம் போதும். கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்லிங் மாட்ட அதைவிட அதிக நேரம் வேண்டும். அவசரம் நிறைந்த வார்டில் முதுகுதான் தோற்றது.

திருப்பம் சட்டத்தின் வழியே வந்தது. ஐரோப்பிய சமூகத்தின் 1990-ஆம் ஆண்டு ஆணையை ஒட்டி, 1992-இல் பிரிட்டன் கையால் பாரம் தூக்குவது குறித்த விதிகளை இயற்றியது. 1993 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. ஆபத்தான தூக்குதலை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாததை மதிப்பிட வேண்டும், மிஞ்சும் ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். 1996-இல் செவிலியர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் இன்னும் உறுதியாகப் பேசியது: உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் எடையை ஆபத்தான முறையில் கையால் தூக்கும் வழக்கமே ஒழிய வேண்டும். 1998-இன் மற்றொரு சட்டம், ஆட்களைத் தூக்கும் கருவியையும் அதன் ஸ்லிங்கையும் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்றது.

இந்தக் காலத்தில்தான் ஸ்லைடு ஷீட் கட்டில்தோறும் வந்தது. பார்க்க மெல்லிய நைலான் துணி; சூட்சுமம் இரண்டு அடுக்கில் இருக்கிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதி சுருட்டிய இரட்டைத் துணியை முதுகோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் திருப்பி விரிக்கிறார்கள். மேல்துணி கீழ்த்துணிமேல் வழுக்குவதால் உராய்வு வெகுவாகக் குறைகிறது. இருவர் மேல்துணியின் ஓரத்தைப் பிடித்து, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடல் எடையை மாற்றினாலே நோயாளி நகர்ந்துவிடுவார். கை மேல்நோக்கிப் போனால் அது மறுபடி தூக்குதல்தான். வேலை முடிந்ததும் துணியை உருவிவிட வேண்டும். விட்டுவைத்தால் நோயாளி அதன்மேலேயே வழுக்கிக் கட்டிலிலிருந்து விழக்கூடும்.

விதி என்னவோ 'இயன்றவரை தவிர்' என்றுதான் சொன்னது. பல நிர்வாகங்கள் அதை 'தூக்கவே கூடாது' என்று சுருக்கிக்கொண்டன. வழக்கு அங்கிருந்து பிறந்தது.

கிழக்கு சசெக்ஸில் கடும் உடல், அறிவு வளர்ச்சிக் குறைபாடுகளோடு இரண்டு சகோதரிகள் பெற்றோருடன் வசித்தார்கள். வீட்டுக்கு வந்த பராமரிப்பாளர்கள் அவர்களைக் கையால் தூக்குவதைக் கவுண்டி நிர்வாகம் ஏற்கவில்லை. நீச்சலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்த பெண்களின் வாழ்க்கை இதனால் சுருங்குகிறது என்று பெற்றோர் வாதிட்டார்கள். 2003-இல் நீதிபதி மன்பி தந்த தீர்ப்பு இந்த வரலாற்றின் மையம். ஹாய்ஸ்டில் தூக்குவது தன்னளவில் இழிவானதல்ல என்றார் அவர். ஆனால், எந்த நிலையிலும் கையால் தூக்கக்கூடாது என்ற மொத்தத் தடை சட்டத்துக்குப் புறம்பானது என்றும் சொன்னார். தூக்கப்படுபவரின் அச்சம், எதிர்ப்பு, விருப்பம் ஆகியவற்றையும் தராசில் வைக்கச் சொன்னார். தூக்குபவரின் உடல்நலத்தையும் கண்ணியத்தையும் எதிர்த்தட்டில் வைத்தார். சரியான தீர்ப்பு என்றே இக்கட்டுரை கருதுகிறது. அதுவரை இடர் மதிப்பீடு என்றால் கிலோ கணக்காக இருந்தது. அதற்குப் பிறகு, பயம் என்பதும் எழுதிவைக்க வேண்டிய காரணியாயிற்று.

டிமென்ஷியா உள்ளவரிடம் அந்தப் பயமே அடியாகவும் கடியாகவும் வெளிப்படுகிறது. உளவியலாளர் டாம் கிட்வுட் 1997-இல் வெளியிட்ட நூல், இத்தகைய நடத்தைக்கு மூளைச் சிதைவை மட்டும் காரணமாக்காமல், சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதத்தையும் பார்க்கச் சொன்னது. அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்லோனும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்ணால் சான்று தந்தது. முதியோர் இல்லங்களில், அவரவர் வசதிக்கேற்ப ஷவரில் குளிப்பாட்டியபோது தாக்குதல் சம்பவங்கள் 53 சதவீதம் குறைந்தன. வெதுவெதுப்பான சோப்புநீரில் நனைத்த பெரிய துண்டைப் போர்த்தி, படுக்கையிலேயே துடைத்துவிட்டபோது 60 சதவீதம் குறைந்தன.

இந்த இரண்டு ஓடைகளும் கலக்கும் இடத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எண்பது வயது மூதாட்டி, அல்சைமர் முற்றியவர், இடுப்பு மூட்டில் வலி. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். வேகமாகக் கையை விலக்கி ஸ்லிங்கைச் செருகினால் அவர் உடம்பு விறைக்கும். பார்ப்பவருக்கு அது பிடிவாதம். உண்மையில் பாரடோனியா என்ற தசை விறைப்பு அது. அசைக்கும் வேகம் கூடக்கூட அதுவும் கூடும், மெதுவாக அசைத்தால் தளரும். பராமரிப்பாளரின் சட்டையை அவர் இறுகப் பற்றுவதும் பெரும்பாலும் கோபமல்ல. நோய் முற்றும்போது குழந்தைப்பருவத்துப் பற்றும் அனிச்சைச் செயல் திரும்பி வருகிறது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால் பிடி இறுகும். ஆகவே முன்கூட்டியே ஒரு சிறு துண்டைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

மருத்துவர் எழுதிய வலிமாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துத் தொடங்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் கருவியைக் கவனிக்க, மற்றவர் மூதாட்டியின் கண்மட்டத்தில் நின்று, "இப்ப நாற்காலிக்குப் போறோம் பாட்டி" என்பதுபோல ஒரே ஒரு சிறு வாக்கியம் பேசுகிறார். ஐந்து நிமிடம் முன்பு சொன்னது நினைவில் நிற்காது. ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் சொல்ல வேண்டும். ஸ்லிங்கின் வார்கள் இறுகியதும் நிறுத்தி, எல்லா வளையங்களும் கொக்கியில் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். நாற்காலியின் பிரேக் போட்டிருக்கும். தூக்கும்போது ஹாய்ஸ்டின் சக்கரங்கள் பெரும்பாலான மாடல்களில் பூட்டப்படாமல் இருக்கும், பாரத்தின் நடுப்புள்ளிக்கு அது தானே நகர வேண்டும் என்பதால். மெத்தையை விட்டுச் சற்றே எழும்பியதும் போதும். உயரம் கூடினால் பயமும் கூடும்.

புருவம் சுருங்குவது, மூச்சு வேகமாவது, கையை இழுத்துக்கொள்வது ஆகியவை அடிக்கு முந்திய அறிகுறிகள். அவை தெரிந்தால் இறக்கிவிட்டு, கையெட்டும் தூரத்துக்கு வெளியே பக்கவாட்டில் நின்று, சற்றுநேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும். கையைப் பிடித்து அடக்குவதற்கு இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது: அவருக்கே தீங்கு நேராமல் தடுக்க அவசியம் என்று நியாயமாக நம்ப வேண்டும், அந்தத் தீங்கின் அளவுக்கு மிஞ்சியும் போகக்கூடாது.

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரென அடிக்கத் தொடங்கினால் கதை வேறு. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புது மருந்து என ஏதாவது ஒன்று கடும் மனக்குழப்பத்தைக் கிளப்பியிருக்கலாம். அதை 'குணம் மாறிவிட்டது' என்று குறிப்பேட்டில் எழுதி மூடாமல், அன்றே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.